28 டைல்ஸில் 6 ஹாலோ: பசையில் ஒட்டிய பாத்ரூம் சுவரைத் தட்டிப் பார்த்ததில்

ஆனையூர்ப் பக்கம் ஒரு பாத்ரூம். எதிரெதிரே இருக்கும் இரண்டு பெரிய சுவர்கள் முடிந்துவிட்டன. இரண்டுமே 8 அடி அகலம், 7 அடி உயரம். ஓர் அடிக்கு இரண்டடி விட்ரிஃபைடு டைல்ஸைப் படுக்கை வாக்கில் வைத்ததில் சுவருக்கு 28 டைல்ஸ். ஒரு சுவர் டைல் பசையில், இன்னொன்று சிமெண்ட் கலவையில். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அப்படிச் செய்யவில்லை. கலவை போட்ட சுவரில் பூச்சு தூக்குக்குண்டுக்கு 12 மில்லி வெளியே நின்றது. பசையை அவ்வளவு கனத்துக்கு ஏற்றி அதைச் சரிக்கட்ட முடியாது. "கலவையில் இழுத்து நேராக்கிடலாம் சார்" என்றார் கொத்தனார். நேராக்கியும் விட்டார்.

தட்டிப் பார்த்ததில் பசைச் சுவரில் 6 டைல்ஸ் ஹாலோ, அதாவது முதுகில் சரியாகப் பிடிக்காமல் காலிச் சத்தம். கலவைச் சுவரில் 11.

கலவைச் சுவரில் காலிச் சத்தம் வந்தது பெரும்பாலும் மூலைகளில். டைல் முதுகின் நடுவே கலவையைக் குவித்து, சுவரில் வைத்துக் கட்டையால் தட்டினால் குவியல் விரிகிறது. ஆனால் ஓரடிக்கு இரண்டடி டைலின் நாலு மூலைக்கும் அது போய்ச் சேருவதில்லை. இன்னொரு காரணம் டைலிலேயே இருக்கிறது. பழைய செராமிக் சுவர் டைல் தன் எடையில் 10 சதவீதத்துக்குமேல் தண்ணீர் குடிக்கும். ஊறவைத்து, பின்னால் சிமெண்ட் பால் தடவி ஒட்டினால் பால் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடு அரை சதவீதம்கூடக் குடிக்காது. எத்தனை மணி நேரம் தொட்டியில் போட்டாலும் முதுகு நனையுமே தவிர ஊறாது. கலவை காய்ந்து சுருங்கும்போது வழவழப்பான முதுகை விட்டுப் பிரிந்துவிடும். சின்ன செராமிக் டைல், கோணலான சுவர் என்றால் இன்றைக்கும் கலவை மோசமில்லை. விட்ரிஃபைடுக்குப் போடுவதில்தான் சிக்கல்.

கணக்கும் போட்டுப் பார்த்தது. அந்த 56 சதுர அடிக்கு 15 மில்லி கனத்தில் 1:4 கலவை என்றால் சிமெண்ட் அரை மூட்டைக்குக் கொஞ்சம் மேல், மணல் சுமார் 3 கன அடி. பசை என்றால் 20 கிலோ மூட்டை இரண்டு, இரண்டாவதில் மிச்சம் நிற்கும். பொருள் விலையில் கலவைதான் மலிவு, சந்தேகமே இல்லை. ஆனால் காலியான டைலைப் பெயர்த்து மறுபடி ஒட்டும் கூலியை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

பசைச் சுவரின் அந்த ஆறுதான் தூக்கத்தைக் கெடுத்தது. பல்லுக் கரண்டி, 10 மில்லி பல், மூட்டையில் போட்டிருக்கும் அளவுக்குத் தண்ணீர், கலக்கி 5 நிமிஷம் விட்டு மறுபடி கலக்கியது என்று எல்லாம் முறைப்படி நடந்த சுவர் அது. ஹாலோ டைல்ஸ் மேல் சாக்பீஸால் வட்டம் போட்டுத் தள்ளி நின்று பார்த்தால் விஷயம் தெரிந்தது. ஐந்து டைல்ஸ் பக்கம் பக்கமாக, நாலாவது, ஐந்தாவது வரிசையில். ஆறாவது மட்டும் தனியாக, கதவுப் பக்கம்.

கூட்டமாக இருந்ததில் ஒன்றைப் பெயர்த்தால், சுவரில் பசையின் வரிகள் சீப்பு வாரின மாதிரி அப்படியே நிற்கின்றன. ஒரு வரிகூட நசுங்கவில்லை. டைல் முதுகில் லேசான கோடுகள் மட்டும். பசை தோல் கட்டிய பிறகு டைலை வைத்திருக்கிறார்கள். பசை இழுத்தபின் 20 நிமிஷத்துக்குள் டைல் வைக்கலாம் என்று மூட்டையில் போட்டிருப்பதை நம்பி எட்டு டைலுக்கான பசையை ஒரே மூச்சில் இழுத்துவிட்டு, ஒரு டைலை வெட்டப் போயிருக்கிறார்கள். நம்மூர் பங்குனி வெயிலில், மேற்கு வெயில் வாங்கிச் சூடேறிய சுவரில், அந்த 20 நிமிஷம் பத்தாகக்கூட நிற்காது. விரலை வரியில் வைத்தெடுத்தால் விரலில் பசை ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் சுரண்டி எறிந்துவிட்டுப் புதுசாக இழுப்பதுதான் வழி. மேலே தண்ணீர் தெளித்து உயிர் கொடுக்கிறேன் என்பது, வாளியில் இறுகியதில் தண்ணீர் ஊற்றுவது, இரண்டு கரண்டி சிமெண்ட் சேர்ப்பது எல்லாமே பசையைக் கெடுக்கும் வேலை.

தனியாக இருந்த ஆறாவதில் வரிகள் நன்றாக நசுங்கியிருந்தன. ஆனால் பசை முழுக்கச் சுவரிலேயே தங்கி, டைல் முதுகு வெள்ளையாக மாவு பூசினதுபோல் இருந்தது. சூளையில் உருளைகளில் டைல் ஒட்டாமலிருக்கத் தடவும் பொடி அது. குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் பெட்டிகளில் பெரும்பாலும் கொஞ்சமாவது இருக்கும். பசை டைலைப் பிடிக்காமல் பொடியைப் பிடித்துக்கொள்கிறது. ஈரத் துணியால் ஒரு முறை துடைத்தால் போகாது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஈரப் பஞ்சால் துடைத்து, காய்ந்தபின் விரலால் தடவி வெள்ளை வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு டைலுக்கு ஒரு நிமிஷம் ஆகும். சித்தாள் முகம் சுளிக்கும், இருந்தாலும் விடக்கூடாது.

பெயர்த்த ஆறையும் திரும்ப ஒட்டியது இப்படி. பழைய வரிகளைச் சுவர்வரை சுரண்டியாயிற்று. ஒரு தடவைக்கு இரண்டு டைலுக்கு மட்டும் பசை. முதலில் கரண்டியின் தட்டைப் பக்கத்தால் சுவரில் அழுத்தித் தேய்த்து, பிறகு பல்லுப் பக்கத்தால் டைலின் குட்டைப் பக்கத்துக்கு இணையாக நேர் வரிகள். வட்டமாக, கோலம் மாதிரி இழுத்தால் காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அடைபடும். டைல் முதுகிலும் ஒரு மில்லிக்குத் தட்டைப் பூச்சு. வைத்து, வரிகளுக்குக் குறுக்கே அரை சென்டி நகர்த்தி அழுத்தினால் வரிகள் சரிந்து ஒன்றோடொன்று சேரும். முதல் டைலை உடனே கழற்றிப் பார்த்ததில் முதுகு மூலைவரை பசையால் மூடியிருந்தது. ஈரமான இடத்துக்கு 95 சதவீதம் மூட வேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல், கண்மதிப்பில் அது கிடைத்தது.

தட்டுவதற்கு அஞ்சு ரூபாய்க் காசு போதும். நீளக் கம்பி நுனியில் இரும்புக் குண்டு வைத்ததும் கடையில் கிடைக்கிறது, மேல் வரிசைக்கு அது வசதி. டைலுக்கு ஒன்பது இடம்: நாலு மூலை, நாலு ஓரம், நடு. நன்றாக ஒட்டியது 'டிக்' என்று சுருங்கிக் கேட்கும், காலியானது 'டொக்' என்று குடம் மாதிரி. பசைச் சுவரை மறுநாள் தட்டலாம். கலவைச் சுவர் ஈரமாக இருக்கும்போது ஏமாற்றும், ஒரு வாரம் விட்டுத் தட்ட வேண்டும். எதுவானாலும் ஜாயிண்ட் அடைப்பதற்கு முன்பே. அடைத்த பிறகு ஒரு டைலை எடுக்கப் போய் பக்கத்து டைலின் விளிம்பு சில்லு பெயரும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காலிச் சத்தம் டைலின் எல்லையோடு நின்றால் கோளாறு பசையில். ஜாயிண்டைத் தாண்டி அடுத்த டைலிலும் அதே சத்தம் தொடர்ந்தால், பூச்சே செங்கல்லை விட்டு வந்திருக்கலாம். பசைச் சுவரின் ஐந்து டைல்ஸ் கூட்டத்தில் முதலில் அந்தச் சந்தேகம்தான் வந்தது. டைலைப் பெயர்த்துப் பூச்சை நேராகத் தட்டினபோது கெட்டிச் சத்தம் வந்தது, பிழைத்தோம்.

கலவைச் சுவரின் பதினொன்றில் நாலை மட்டும் எடுப்பதாக முடிவு. இரண்டு ஷவர் டைவர்ட்டருக்குத் துளை போடும் இடம், இரண்டு கீழ் வரிசையில் வாளி இடிக்கும் மூலை. காலியான மூலையில் டிரில் வைத்தால் டைல் விரியும். மற்ற ஏழில் கைப்பிடி அளவுக்குத்தான் காலி, மேலே காய்ந்த பகுதி, அவை கிடக்கட்டும்.

ஜாயிண்டுக்கு எபாக்சியா சாதாரணமா என்பது இன்னும் முடிவாகவில்லை. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீட்டில் சாதா ஜாயிண்ட் சீக்கிரம் வெள்ளை பூக்கும் என்பதால் மனம் எபாக்சி பக்கம் சாய்கிறது. அதற்குள் கதவுச் சுவரின் பூச்சை இரண்டு மீட்டர் மட்டப்பலகை வைத்துப் பார்த்தாயிற்று. நடுவில் 7 மில்லி பள்ளம். டைல் வேலை நிற்கிறது, முதலில் அந்தப் பள்ளத்துக்குப் பூச்சு.