தெப்பக்குளத்தைச் சுற்றி ஏழு மாதம்: ஸ்டெப் எவ்வளவு, எடை எவ்வளவு

ஜூனில் நடக்கத் தொடங்கும் முன்பு இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், வழக்கமான நாளில் எத்தனை ஸ்டெப் போகிறது என்று மட்டும் குறித்தேன். சராசரி 3,400 வந்தது. போனை டூவீலர் டேங்க் கவரில் போட்டு ஓட்டிய நாட்களில் குலுக்கலையும் அது ஸ்டெப்பாக எண்ணிவிட்டதால், அந்த நாட்களை விட்டுவிட்டேன்.

எல்லாரும் சொல்லும் 10,000 மருத்துவக் கணக்கிலிருந்து வந்ததல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஸ்டெப் எண்ணும் கருவியின் பெயரே ‘பத்தாயிரம் அடி மீட்டர்’. அதனால் அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல், காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தை மூன்று சுற்று என்று வைத்துக்கொண்டேன். ஒரு சுற்று சுமார் 1.2 கிலோமீட்டர். என் காலுக்கு 1,750 ஸ்டெப். மூன்று சுற்றுக்கு 5,250.

சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடந்தால், சும்மா இருக்கும்போது ஆகும் செலவு போக, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ அரை கலோரி கூடுதலாகச் செலவாகும். எனக்கு எடை 84 கிலோ. அப்படியென்றால் கிலோமீட்டருக்கு 42, மூன்று சுற்றுக்கு 150 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஆக, ஒரு நாள் விடாமல் நடந்தால் மாதம் 580 கிராம், நான்கு மாதத்தில் 2.3 கிலோ இறங்க வேண்டும்.

இறங்கியது 900 கிராம்தான். ஜூன் முதல் வாரச் சராசரி 84.1, அக்டோபர் முதல் வாரச் சராசரி 83.2.

சராசரி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தினமும் காலையில் பாத்ரூம் போய்விட்டு, காபிக்கு முன்னால், அதே டைல்ஸில் எடை மெஷினை வைத்து ஏறுவேன். ஞாயிறு ராத்திரி பரோட்டா சால்னா சாப்பிட்டால் திங்கள் காலை 1.2 கிலோ கூடக் காட்டும். அது உப்பு பிடித்து வைக்கும் தண்ணீரும், வயிற்றில் இன்னும் இருக்கும் சாப்பாடும், புதன்கிழமைக்குள் போய்விடும். ஒரு மாதத்தில் இறங்குவதே அரை கிலோ என்றால், ஒற்றை நாள் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஏழு நாள் எடையைக் கூட்டி வகுத்தால்தான் போக்கு தெரியும்.

சரி, மீதி 1.4 கிலோ எங்கே போனது? நாட்கள் விட்டுப்போகவில்லை. முதல் துப்பு என் மனைவியிடமிருந்து வந்தது. “காலைல நடந்துட்டு வந்துட்டு, அப்புறம் பொழுதன்னைக்கும் உட்கார்ந்தே இருக்கீங்களே” என்றாள். போனில் மணிவாரியான கணக்கைத் திறந்து பார்த்தேன். நடைக்கு அப்புறமான ஸ்டெப் 3,400-லிருந்து 2,100-க்கு இறங்கியிருந்தது. முன்பு நடந்தே போன மளிகைக் கடைக்கு ‘இன்றைக்குத்தான் நடந்தாச்சே’ என்று வண்டியை எடுத்திருக்கிறேன். 8,650 இருக்க வேண்டிய நாள் 7,350-இல் நின்றது.

இன்னொன்று, சுற்று முடிந்ததும் ரோட்டோரக் கடையில் வாரத்துக்கு மூன்று நாள் ஒரு டீ, ஒரு உளுந்த வடை. வடை எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு தினத்தந்தித் தாளில் வரும். தாளில் எண்ணெய் ஊறி எழுத்து பின்பக்கம் தெரியும். சர்க்கரை போட்ட பால் டீயும் வடையும் சேர்ந்தால் குறைந்தது 200 கலோரி. மூன்று சுற்று நடந்ததைவிட அது அதிகம்.

இது என் ஒருவன் கதை இல்லை. சாப்பாட்டை மாற்றாமல் ஸ்டெப் மட்டும் எண்ணி நடந்தவர்களைப் பற்றிய ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-இல் வெளிவந்த கணக்கில், பெரும்பாலும் நான்கு மாதத்தை ஒட்டிய காலத்தில் இறங்கிய சராசரி 1.27 கிலோதான்.

அக்டோபரில் இரண்டை மட்டும் மாற்றினேன். மளிகைக்குப் பழையபடி நடை. கடையில் சர்க்கரை இல்லாத டீ, வடை ஞாயிறு மட்டும். சுற்றைக் கூட்டவில்லை. ஐப்பசி மழையில் பதினொரு நாள் நடக்க முடியவில்லை. ஆனாலும் டிசம்பர் கடைசி வாரச் சராசரி 81.9. மூன்று மாதத்தில் 1.3 கிலோ, முந்தைய நான்கு மாதத்தைவிட அதிகம். தொப்புள் மட்டத்தில் வைத்து அளந்த இடுப்பு 38 அங்குலத்திலிருந்து 36.5.

இப்போது நான்காவது சுற்றைச் சேர்த்திருக்கிறேன். எடை குறைந்த அளவுக்கு நடையின் செலவும் கொஞ்சம் குறையும் என்பதால் கிலோமீட்டருக்கு 41 கலோரி என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு சுற்றுக்கு 50, மாதத்துக்கு 190 கிராம். தைப்பூசத் தெப்பத் திருவிழா சமயம் இங்கே நடக்க இடம் இருக்காது. அந்த நாட்களில் வண்டியூர் கண்மாய்க் கரைக்குப் போக வேண்டும்.