ஒரு மூட்டை அரிசி குறைஞ்சதுக்கு ரெண்டு தடவை காசு திருப்பிக் கொடுத்த கதை

போன வெள்ளிக்கிழமை ராத்திரி லண்டன் ஈஸ்ட் ஹாம்ல மளிகைக்கடை வச்சிருக்கிற அண்ணன் போன் பண்ணாரு. யாழ்ப்பாணத்துக்காரர், பொதுவா போன்ல ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேசமாட்டார். "தம்பி, இந்த ஓடருக்கு காசு ரெண்டு தரம் திரும்பிப் போயிருக்கு போல கிடக்கு, ஒருக்கா வந்து பாருங்கோ"ன்னாரு. அவரோட ஆன்லைன் ஆர்டர் சைட்டை நான்தான் பகுதிநேரமா பாத்துக்கறேன், போன மாசம்தான் ஆர்டர் போடும்போதே கார்டுல காசை எடுக்கிற முறையை மாத்தி, ஆர்டர்ல அந்தத் தொகையை ஒதுக்கி வைக்கிற ஹோல்டு மட்டும் போட்டு பெட்டி கிளம்பும்போது எடுக்கிற மாதிரி பண்ணிக் கொடுத்திருந்தேன். அதனால வயித்துல புளியைக் கரைச்சுது.

மாத்தினதுக்கு காரணம் இருந்துச்சு. அரிசியும் மாவும் கன்டெய்னர்ல வரும், சைட்ல ஸ்டாக் பத்துன்னு காட்டும் ஆனா ஷெல்ஃப்ல ஏழுதான் இருக்கும், தினம் ரெண்டு மூணு ரீஃபண்ட், ஒவ்வொரு ரீஃபண்டுக்கும் முதல்ல கட்டின ஃபீஸ் திரும்பி வராது. ஹோல்டு போட்டுட்டு அனுப்பினதுக்கு மட்டும் எடுத்தா இந்தத் தொல்லையே இல்ல. கார்டு பேமென்ட்டுக்கு நாங்க வச்சிருக்கிற ஸ்ட்ரைப்ல இதைச் செட் பண்றது கஷ்டமே இல்ல, கோடுல `capture_method: 'manual'` போட்டா ஆர்டர் ஆனதும் பேமென்ட் `requires_capture`னு நிக்கும், கஸ்டமர் பேங்க் ஆப்ல ஓகே பண்றதெல்லாம் அப்பவே முடிஞ்சிடும். ஒரே சாயங்காலத்துல டெஸ்ட் கார்டுல ஓடிடுச்சு. நிஜ ஆளுங்க நிஜ கார்டோட வந்தப்பதான் வேலை ஆரம்பிச்சுது.

அண்ணன் காட்டின ஆர்டரையே சொல்றேன். 10 கிலோ கீரிச்சம்பா ரெண்டு மூட்டை, ஒண்ணு 21.50 பவுண்டு. நல்லெண்ணெய் ரெண்டு பாட்டில் 14.50, குரக்கன் மா மூணு பாக்கெட் 6.90. மொத்தம் 64.40, பத்து சதவீதக் கூப்பன் போக 57.96. கடையில 60 பவுண்டுக்கு மேல வாங்கினா டெலிவரி இலவசம், கூப்பனுக்கு முன்னாடி இருக்கிற தொகைதான் கணக்கு, அதனால டெலிவரி சார்ஜ் இல்ல. ஹோல்டு ஆனது 57.96. ரெண்டு நாள் கழிச்சு பேக் பண்ணும்போது அரிசி ஒரு மூட்டைதான் இருந்துச்சு. மிச்சப் பொருள் 42.90, பத்து சதவீதம் போக 38.61. இதை மட்டும் எடுத்தோம்:

```
stripe.paymentIntents.capture(id, {
  amount_to_capture: 3861
})
```

பென்ஸ்ல கொடுக்கணும், அதனால 3861. `amount_to_capture` வரியை விட்டுட்டா முழு 57.96-ம் போயிடும், ஜாக்கிரதை. இதுவரைக்கும் எல்லாம் சரி. மிச்சம் 19.35-க்கு நாம எதுவும் பண்ண வேண்டாம், ஒரு தடவை கேப்சர் பண்ணதும் எடுக்காத பாக்கி மேல இருந்த ஹோல்டு தானா விட்டுப்போயிடும்.

ஆனா கஸ்டமர் பேங்க் ஆப்ல என்ன தெரியும்? ஆர்டர் போட்ட ராத்திரியே 57.96 பெண்டிங்னு வந்துடும், டெபிட் கார்டுன்னா செலவு பண்ணக்கூடிய பேலன்ஸும் அந்த அளவுக்குக் குறைஞ்சுடும். பெட்டி கிளம்பின அப்புறம் சில பேங்க்ல அந்த பெண்டிங் அப்படியே 38.61-ஆ மாறிடும், சில பேங்க்ல 38.61 தனி வரியா வரும், பழைய 57.96 இன்னும் சில நாள் பக்கத்துலயே நிக்கும். பாக்கிறவங்களுக்கு 96.57 போன மாதிரிதான் இருக்கும். ஒரு மூட்டை குறைவாவும் வந்து காசு டபுளாவும் போனா யாரா இருந்தாலும் போன் பண்ணத்தானே செய்வாங்க, அப்படி அந்த வாரம் ஒன்பது பேர் பண்ணியிருக்காங்க.

கடையில போன் எடுக்கிற அக்கா ரொம்ப நல்ல மனுஷி. ஸ்ட்ரைப் டேஷ்போர்டைத் திறந்து, ஒரு மூட்டைக்கு 19.35 கணக்கு போட்டு, ரீஃபண்ட் பட்டனை அமுக்கியிருக்காங்க. பழைய முறையில இது ரொம்பச் சரியான வேலை, நான்தான் அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்! புது முறையில அது ஏற்கெனவே எடுத்த 38.61-லேருந்து போகுது. 19.35 அதைவிடக் கம்மிங்கறதால சிஸ்டம் ஒரு வார்த்தை கேக்கல, பச்சைக் கலர்ல சக்ஸஸ்னு காட்டிடுச்சு. ஹோல்டும் விட்டுப்போச்சு, ரீஃபண்டும் போச்சு, கஸ்டமர் கடைசியில 38.61 பவுண்டு சாமானுக்குக் கட்டினது 19.26. ஒன்பது ஆர்டருக்கும் இதே கதை, கிட்டத்தட்ட 140 பவுண்டு. எனக்கு எந்த அலர்ட்டும் வரல, அண்ணன் நோட்டுப்புத்தகத்துல பேனாவால எழுதி பேங்க்ல வந்த காசோட ஒத்துப் பாத்ததாலதான் மாட்டுச்சு. அவர் அந்த நோட்டை விடணும்னு ஆறு மாசமா சொல்லிட்டிருந்தவன் நான், அதையும் இங்கேயே ஒத்துக்கறேன்.

இப்ப ரெண்டு விஷயம் மாத்தியிருக்கேன். டேஷ்போர்டுல அக்காவுக்கு ரீஃபண்ட் பண்ற உரிமையை எடுத்துட்டு எங்க அட்மின் பக்கத்துலயே ஒரு பட்டன் வச்சேன், அது கேப்சர் ஆன தொகையிலேருந்து அனுப்பின பொருளோட விலையைக் கழிச்சுத்தான் எவ்வளவு திருப்பலாம்னு காட்டும். மேல சொன்ன ஆர்டருக்கு அது பூஜ்யம், அதனால பட்டன் அமுங்காது. ரெண்டாவது, பெட்டி கிளம்பும்போது போற மெயில்ல "எடுத்தது 38.61. மிச்சம் 19.35 நாங்க எடுக்கவே இல்ல, அதனால ரீஃபண்ட்னு தனியா வராது, உங்க பேங்க் ஹோல்டை விடும்போது பெண்டிங் மறைஞ்சிடும்"னு போட்டாச்சு. 'ரீஃபண்ட்'ங்கிற வார்த்தையை அந்த மெயில்ல வேற எங்கயும் விடாதீங்க, முதல்ல நான் "பாக்கி ரீஃபண்ட் ஆகும்"னு எழுதி வச்சிருந்தேன், எங்க ரீஃபண்ட் எங்க ரீஃபண்ட்னு அதுக்கே தனியா நாலு போன் வந்துச்சு.

சரி வந்ததுதான் வந்தோம், மத்த ஆர்டரையும் பாப்போம்னு உக்காந்தா இன்னொண்ணு கிடைச்சுது. சில ஆர்டர்ல எடுத்த தொகை 4.99 அதிகமா இருந்துச்சு. நான் பண்ண தப்பு என்னன்னா, மூட்டை குறைஞ்சதும் ஷாப்பிங் கார்ட் கணக்கை முதல்லேருந்து ஓட விட்டேன், பொருள் 60 பவுண்டுக்குக் கீழ இறங்கிடுச்சு, உடனே டெலிவரி சார்ஜ் ஒட்டிக்கிச்சு. அரிசி இல்லாதது கடையோட குத்தம், அதுக்கு கஸ்டமர் டெலிவரி கட்டணுமா? இதுல ஆபத்தே என்னன்னா எர்ரர் வராது. 43.60 கேட்டாலும் 57.96-க்கு உள்ளதானே, ஸ்ட்ரைப் கொடுத்துடும். ஹோல்டைத் தாண்டினாத்தான் தடுக்கும், உள்ள இருக்கிற கணக்கு சரியா தப்பான்னு அதுக்குத் தெரியாது. அதே மாதிரி 57.96-லேருந்து 21.50-ஐ நேரா கழிச்சாலும் தப்பு, 36.46 வரும், கூப்பன் போக மூட்டை விலை 19.35தானே, கடைக்கு 2.15 நஷ்டம். இப்ப ஆர்டர் போடும்போதே ஒவ்வொரு வரிக்கும் கூப்பன் போன விலையைப் பென்ஸ்ல எழுதி வச்சிடறேன், பேக்கிங்ல அனுப்பின வரியை மட்டும் கூட்டறேன், டெலிவரி ஆர்டர்ல என்ன இருந்துச்சோ அதேதான். ஒண்ணுமே இல்லாம போனா கேப்சர் பக்கமே போகாம பேமென்ட்டை கேன்சல் பண்ணிடும்.

விட்டுப்போன ரெண்டாவது மூட்டையை அடுத்த வாரம் அனுப்பி பாக்கி 19.35-ஐ எடுத்துக்கலாம்னு நினைச்சேன் பாருங்க, அது நடக்கல. ஒரு ஹோல்டுல ஒரு கேப்சர்தான், முதல் தடவை எடுத்ததும் பேமென்ட் `succeeded` ஆயிடும், திரும்பக் கேட்டா `payment_intent_unexpected_state`னு எர்ரர். பல தடவையா எடுக்கிற வசதி இருக்கு, எங்க அக்கவுண்ட்டுக்கு அது கிடைக்கல. கார்டை சேவ் பண்ணி வச்சு ஆள் இல்லாமலே புதுசா சார்ஜ் பண்ணிப் பாத்தேன், சில பேங்க் `authentication_required`னு திருப்பிடுச்சு. அதனால இப்ப குறைஞ்ச பொருளுக்கு பேமென்ட் லிங்க் போகும், வேணும்ங்கறவங்க அதுல கட்டுவாங்க, வேண்டாம்னா விட்டுடறோம்.

ஈஸ்டர்ல நடந்ததுதான் இன்னும் உறுத்துது. வியாழக்கிழமை ராத்திரி வந்த மூணு ஆர்டர், வெள்ளியிலேருந்து திங்கள் வரைக்கும் லீவு, கன்டெய்னரும் லேட்டு, அடுத்த வெள்ளி சாயங்காலம்தான் பேக் ஆச்சு. வேன் கிளம்பின அப்புறம் ராத்திரி கேப்சர் ஓடுச்சு, மூணும் ஃபெயில். ஏழு நாள் முடிஞ்சு ஹோல்டு செத்துப்போயிருந்துச்சு, பேமென்ட் `canceled`. சாமான் அவங்க வீட்டுக்குப் போயிடுச்சு, காசு எங்ககிட்ட இல்ல. அண்ணன் "சரி தம்பி, எங்கட சனம்தானே, கேட்டா தருவினம்"னாரு. ரெண்டு பேர் லிங்க் அனுப்பின அன்னைக்கே கட்டிட்டாங்க.

அப்புறம் பாத்தா எப்ப காலாவதின்னு அந்த சார்ஜ்லயே எழுதியிருக்கு:

```
payment_method_details.card.capture_before
```

ஏழு நாள்னு கோடுல எழுதி வைக்காதீங்க, கார்டையும் எடுத்த விதத்தையும் பொறுத்து மாறும், சேவ் பண்ண கார்டுல ஆள் இல்லாம போட்ட விசா ஹோல்டு இன்னும் சீக்கிரம் போயிடும். பேக்கிங் பையன் கையில இருக்கிற லிஸ்ட்டை இப்ப இந்தத் தேதியை வச்சுத்தான் அடுக்கறேன், ஒரு நாள்தான் பாக்கின்னா வரி சிவப்பாயிடும், இருக்கிறதை வச்சு அனுப்பணும் இல்ல கேன்சல் பண்ணணும். கேப்சரையும் ராத்திரியிலேருந்து பேக்கிங் மேஜைக்கு மாத்திட்டேன், அன்னைக்கே வேன்ல போற பெட்டிக்கு மட்டும், கேப்சர் ஓகே ஆனாத்தான் லேபிள் பிரிண்ட் ஆகும். பையன் ஒரே பெட்டியை ரெண்டு தடவை ஸ்கேன் பண்ணா ரெண்டாவது கேப்சர் எர்ரர் ஆகி நல்லா இருந்த ஆர்டரை 'பேமென்ட் ஃபெயில்'னு மாத்திட்டிருந்துச்சு, இப்ப எர்ரர் வந்தா முதல்ல ஏற்கெனவே `succeeded`ஆன்னு பாத்துட்டுத்தான் எதையும் மாத்தும்.

அந்த ஒன்பது பேர்கிட்ட கேட்கலாமான்னு அண்ணன்கிட்ட கேட்டேன், வேண்டாம்னுட்டாரு. ஈஸ்டர் மூணாவது ஆள் இன்னும் கட்டல.

நோட்டுப்புத்தகம் இன்னும் கல்லாப் பக்கத்துலதான் இருக்கு, நான் அதைப் பத்தி இப்ப பேசறதில்ல.