கடத்துதிறன் தரம்பார்த்தல்: முனை மழுங்கிய வி

சாயம் ஏதும் சேர்க்காமல், கரைசல் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதை மட்டும் வைத்து அமிலத்தைத் தரம் பார்க்கலாம் என்று ரொம்ப நாளாக ஆசை. பேனா வடிவில் ஒரு மலிவான கடத்துமானி வாங்கினேன். பியூரெட் ஏற்கெனவே இருந்தது. பீக்கரில் 50 மி.லி. HCl, செறிவு 0.01 M அளவில். பியூரெட்டில் 0.1 M NaOH. காரத்தைப் பத்து மடங்கு செறிவாக எடுத்தால் பீக்கரில் கன அளவு அதிகம் கூடாது.

ஆரம்பிக்கும் முன்பே வரைபடம் எப்படி வரும் என்று பென்சிலால் போட்டு வைத்தேன். அழகான ஒரு வி. இரண்டு கையும் ஒரே சாய்வு, முனை பூஜ்யத்தைத் தொடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் எட்டிப் பார்த்தாள். “ஏம்பா, அமிலமும் காரமும் தீர்ந்தாலும் உப்பு இருக்குமே, அது கடத்தாதா?” என்றாள். சரிதானே! ரப்பரை எடுத்தேன்.

இந்த முறை அயனிகளின் எண்களை வைத்துப் போட்டோம். 25 டிகிரியில் மோலார் கடத்துதிறன் தோராயமாக H⁺ 350, OH⁻ 199, Cl⁻ 76, Na⁺ 50. H⁺ தண்ணீர் மூலக்கூறுகளுக்கிடையே கைமாறிக் கைமாறிப் போவதால் அதற்கு அவ்வளவு வேகம். காரம் சொட்டும்போது ஒவ்வொரு H⁺ம் தண்ணீராகிவிடுகிறது, அதன் இடத்துக்கு ஒரு Na⁺ வருகிறது. Cl⁻ அப்படியே இருக்கிறது. 350 போய் 50 வந்தால் இறக்கம் 300. அமிலம் தீர்ந்தபின் விழும் ஒவ்வொரு NaOHம் 50 + 199, அதாவது 249 சேர்க்கும். ஆக ஏறும் கை இறங்கும் கையைவிடச் சாய்வு குறைந்தது, சுமார் 0.83 பங்கு. அடிமுனை மேலே, NaCl-இன் மதிப்பில் நிற்கும்.

முதல் ஓட்டத்தில் படம் சொதப்பியது. இறங்கும் கை நேராக வந்தது. ஆனால் அடியில் கூர்முனை இல்லை. கொஞ்ச தூரம் தட்டையாக நடந்து, அப்புறம்தான் சரியாக ஏறத் தொடங்கியது. மானியைச் சந்தேகித்தேன், குற்றவாளி காரக் கரைசல். போன வருஷம் கரைத்து வைத்தது, மூடி சரியாக இறுகவில்லை, காற்றிலிருந்து CO₂ உறிஞ்சிப் பாதி கார்பனேட்டாகவே ஆகியிருக்க வேண்டும். அந்தக் கார்பனேட் அமிலத்தில் விழுந்து கார்பானிக் அமிலமாகிறது. HCl தீர்ந்ததும் அடுத்து வரும் OH⁻ ஐ அது பிடித்துக்கொண்டு HCO₃⁻ ஆகிறது. HCO₃⁻க்குக் கடத்துதிறன் 45 சொச்சம்தான். 199 சேர வேண்டிய இடத்தில் 45 சேர்ந்தால் படம் எப்படி எழும்பும்? வி-யின் அடி தட்டையானால் காரத்தைச் சந்தேகப்படலாம்.

கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்ட காய்ச்சி வடித்த நீரில் புதிதாக NaOH கரைத்து, செறிவையும் சரிபார்த்துக்கொண்டு மறுபடி ஓட்டினேன். அரை மி.லி. விட்டு, கலக்கி, எண் நின்றபின் குறித்தேன். எல்லாம் மில்லிசீமென்ஸ்/செ.மீ. அளவில்: தொடக்கத்தில் 4.04, 2 மி.லி.யில் 2.76, 4-இல் 1.58, 7-இல் 1.91, 9-இல் 2.64.

இதை நேராக வரைந்தால் கைகள் லேசாக வளைந்திருக்கும், சேர்த்த காரமே கரைசலை நீர்க்கச் செய்கிறதே. அதனால் ஒவ்வொரு எண்ணையும் (50 + v)/50 ஆல் பெருக்கினேன். v என்பது அதுவரை விட்ட காரம். 9 மி.லி.யில் 59/50 என்றால் 1.18, அதனால் 2.64 என்பது 3.12 ஆகிறது. மற்றவை 4.04, 2.87, 1.71, 2.18. இப்போது இரண்டும் நேர்கோடுகள்தான். இறங்கும் சாய்வு ஒரு மி.லி.க்கு 0.58, ஏறும் சாய்வு 0.47. விகிதம் 0.8 அருகே. கணக்கிட்ட 0.83-க்கு இந்த விலை மானிக்கு இது போதும்.

கோடுகள் வெட்டிக்கொண்ட இடம் 4.89 மி.லி. அமிலத்தின் செறிவு 4.89 × 0.1 / 50, அதாவது 0.0098 M. பினாப்தலீன் போட்டால் கடைசிச் சொட்டுக்குக் கண் கொட்டாமல் நிற்க வேண்டும். இங்கே முனையைச் சுற்றி அளக்கவே வேண்டாம், தூரத்துப் புள்ளிகள் போதும், கோட்டை நீட்டினால் முனை தானே கிடைத்துவிடுகிறது.

சூட்டைப் பற்றியும் கவலைப்பட்டேன், ஒரு டிகிரிக்குக் கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் மாறுமே. இவ்வளவு நீர்த்த கரைசலில் நடுநிலையாக்கம் தரும் சூடு 0.15 டிகிரிகூட இல்லை. இதையே 0.1 M அமிலம், 1 M காரம் என்று செய்தால் சுமார் 1.2 டிகிரி ஏறும். அதை அடுத்த வாரம், தெர்மாமீட்டரோடு.