நான்கு கிணறுகளும் பன்னிரண்டு நியமிப்புகளும்: வழுச்சட்டத்தை வகுப்பில் விளக்கிய அனுபவம்

எங்கள் செய்முறைக் குழுவுக்குக் கிடைத்த தலைப்பு, யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் தோட்டக் கிணறுகளின் நீருக்கும் வீட்டுக் கிணறுகளின் நீருக்கும் வன்மையில், அதாவது கரைந்துள்ள கல்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவில், வேறுபாடு உண்டா என்பதாகும். சுண்ணக்கல்லின் மேல் வாழும் எங்களுக்கு வன்மையான நீர் புதிதல்ல. ஈடிடிஏ கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து வன்மையை அளக்கும் நியமிப்பும் சிக்கலின்றி முடிந்தது. சிக்கல் தொடங்கியது, சக மாணவர்கள் முன் முடிவுகளை விளக்கும் பொறுப்பும் அதற்கென வரையப்பட்டிருந்த வரைபும் என் கைக்கு வந்தபோதுதான்.

வரைபில் இரண்டு தூண்கள் நின்றன. தோட்டக் கிணறுகளுக்கு லீற்றருக்கு 400 மில்லிகிராம், வீட்டுக் கிணறுகளுக்கு 340 மில்லிகிராம். ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு வழுச்சட்டம், அதாவது நாங்கள் எரர் பார் என்று சொல்லும் அந்தச் சிறிய கோடு. கீழே மாதிரிப் பருமன் `n = 12` என்றும், மேலே "தோட்டக் கிணற்று நீரின் வன்மை அதிகம் என நிரூபிக்கப்பட்டுள்ளது" என்றும் எழுதப்பட்டிருந்தது. அந்தச் சட்டம் தரவின் சிதறலைக் காட்டும் நியம விலகலா, சராசரியின் நிச்சயமின்மையைக் காட்டும் நியம வழுவா, உண்மையான சராசரி இருக்கக்கூடிய வீச்சைக் காட்டும் நம்பிக்கை ஆயிடையா என்பது எங்கும் குறிக்கப்படவில்லை. வரைந்தவர் ஊருக்குப் போயிருந்தார்.

இரண்டு சட்டங்களும் ஒரே நீளத்தில் இருந்ததே எனக்கு முதல் சந்தேகத்தைத் தந்தது. எக்செலில் சராசரிகளான இடைகளை மட்டும் தூண்களாக வரைந்துவிட்டு வழுச்சட்டப் பட்டியலில் `Standard Error` என்பதைத் தெரிவு செய்தால், மென்பொருள் வரைபில் உள்ள அந்த இரண்டு எண்களையே தரவாக எடுத்துக்கொண்டு எல்லாத் தூண்களுக்கும் ஒரே நீளத்தைப் போட்டுவிடும். ஒவ்வொரு இடைக்கும் பின்னால் எத்தனை கிணறுகள் இருந்தன, அவை எவ்வளவு சிதறியிருந்தன என்பது அதற்குத் தெரியாது. எனவே ஒரு வரைபில் எல்லாச் சட்டங்களும் அச்சொட்டாக ஒரே அளவில் இருந்தால், அதை நம்புவதற்கு முன் மூலத் தரவைக் கேட்டு வாங்குங்கள். சரியான வழி, நீளத்தைத் தனியே கணித்து `Custom` என்ற தெரிவினூடாகக் கொடுப்பதுதான்.

மூலத் தரவைத் தேடியபோது அடுத்த தடை வந்தது. எங்களிடம் அளவி வாசிப்புகளின் பட்டியல் இருந்தது. ஆனால் எந்தப் போத்தல் எந்தக் கிணற்றுக்குரியது என்று எழுதிய தாள் இல்லை. அது செய்முறைக் கொப்பிக்குள் இருந்தது, கொப்பிகளோ புள்ளியிடப் போய்விட்டன. ஆய்வுகூட அலுவலரிடம் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்க அனுமதி கேட்டேன். "அடுத்த கிழமை திருப்பித் தருவினம், அப்ப வாங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் அலுமாரியைப் பூட்டிவிட்டார். விளக்கமோ அதற்கு முன்னரே. நல்ல வேளையாக, மாதிரி எடுத்த அன்று போத்தல் மூடிகளை ஒரு தோழி கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். அந்தப் படம் இல்லாவிட்டால் `n` என்பது என்னவென்று எங்களால் சொல்லியிருக்கவே முடியாது.

படத்தில் தெரிந்தது இதுதான். தோட்டக் கிணறுகள் நான்கு, வீட்டுக் கிணறுகள் நான்கு. ஒவ்வொரு போத்தலிலிருந்தும் 25 மில்லிலீற்றர் வீதம் மூன்று நியமிப்புகள். பன்னிரண்டு என்று எழுதப்பட்டது நியமிப்புகளின் எண்ணிக்கை, கிணறுகள் நான்கேதான். எங்கள் கேள்வி கிணறுகளைப் பற்றியது என்பதால், மாதிரிப் பருமனும் கிணறுகளின் எண்ணிக்கையாகவே இருக்க வேண்டும். 1984 இல் ஹேர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் இத்தகைய பொய்யான மீள்செயலைப் பற்றி விரிவாக எழுதியபின்பும் இது ஓயாத வழுவாக இருப்பதில் வியப்பில்லை, ஏனெனில் எண்களைப் பெருக்கிக் காட்டுவது அவ்வளவு எளிது.

சக மாணவர்களுக்கு இதை விளக்க, ஒரு வீட்டுக் குழம்பை மூன்று தரம் ருசி பார்ப்பதால் ஊரிலுள்ள மற்ற வீடுகளின் குழம்பைப் பற்றி எதுவும் தெரியவராது என்று சொன்னேன். அது உடனே பிடிபட்டது. பிறகு எண்களைக் காட்டினேன். 0.01 மோலார் ஈடிடிஏயுடன் 25 மில்லிலீற்றர் நீரை நியமிக்கும்போது, அளவியில் 0.1 மில்லிலீற்றர் என்பது வன்மையில் லீற்றருக்கு 4 மில்லிகிராமுக்குச் சமம். ஒரே போத்தலின் மூன்று வாசிப்புகள் 0.1 அல்லது 0.2 மில்லிலீற்றருக்குள் அடங்கின. ஆனால் தோட்டக் கிணறுகளின் மதிப்புகள் 380, 452, 344, 424 என்றும், வீட்டுக் கிணறுகளின் மதிப்புகள் 316, 388, 292, 364 என்றும் விரிந்து கிடந்தன. எங்கள் கை எவ்வளவு திருத்தமானது என்பதை நியமிப்பின் சிதறல் சொல்கிறது. கிணற்றுக்குக் கிணறு உள்ள வேறுபாடு அதைவிடப் பன்மடங்கு பெரியது. குழுவில் ஒருவர், மீதமுள்ள நீரில் இன்னும் மூன்று தரம் நியமித்தால் `n = 24` ஆகிவிடுமே என்றார். அப்படிச் செய்தாலும் கிணறுகளின் சிதறல் அப்படியே இருக்கும்; உண்மையான சட்டம் ஏறத்தாழ ஒரு துளியும் சுருங்காது.

ஒவ்வொரு கிணற்றின் மூன்று வாசிப்புகளையும் முதலில் ஓர் இடையாகச் சுருக்கி, அந்த நான்கு எண்களைக் கொண்டு புதிதாகக் கணித்தோம். தரவு `B2` முதல் `B5` வரை இருந்தால்:

```
=STDEV.S(B2:B5)
=STDEV.S(B2:B5)/SQRT(4)
=CONFIDENCE.T(0.05,STDEV.S(B2:B5),4)
```

முதல் வரி நியம விலகல், இரண்டாவது நியம வழு, மூன்றாவது 95 சதவீத நம்பிக்கை ஆயிடையின் அரை நீளம். தோட்டக் கிணறுகளுக்கு அவை முறையே 48, 24, 76 எனவும், வீட்டுக் கிணறுகளுக்கு 44, 22, 70 எனவும் வந்தன. ஒரே தரவுக்கு மூன்று விதமான சட்டம் போடலாம் என்பதையும், மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம் இருப்பதையும் திரையில் அடுத்தடுத்துக் காட்டியபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. வரைபின் கீழே சட்டத்தின் பெயரை எழுதாமல் விடுவது ஏன் கூடாது என்பதற்கு வேறு வாதம் தேவைப்படவில்லை.

கடினமான கேள்வி அதன் பிறகே வந்தது. "நியம வழுச் சட்டங்கள் ஒன்றையொன்று தொடவில்லையே, அப்படியென்றால் வேறுபாடு உண்டுதானே?" உண்மையில் அவை தொடவில்லை: ஒன்று 376 இல் முடிகிறது, மற்றது 362 இல் முடிகிறது. இந்தக் கேள்விக்கு ஆயத்தமாகப் போயிருந்ததில் எனக்குப் பெரிய ஆறுதல். நியம வழுச் சட்டங்கள் விலகி நிற்பது வேறுபாட்டுக்குச் சான்றாகாது. இரு இடைகளின் வித்தியாசம் 60; அந்த வித்தியாசத்தின் நியம வழு ஏறத்தாழ 32.4. 60ஐ 32.4ஆல் வகுத்தால் 1.85 வருகிறது. வேறுபாடு உண்டென்று சொல்ல, நான்கு நான்கு கிணறுகளுக்கு அது 2.45ஐத் தாண்ட வேண்டும், தாண்டவில்லை. அதே தரவைப் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணிக் கணித்துப் பார்த்தோம், விகிதம் 3.5ஐ எட்டியது, தாண்ட வேண்டிய எல்லையோ 2.07க்கு இறங்கியது. "நிரூபிக்கப்பட்டது" என்ற சொல் முழுவதும் அந்தத் தவறான எண்ணிக்கையிலிருந்தே பிறந்திருந்தது.

ஏன் வழமையான 2 போதாது என்று கேட்டவருக்கு, மாதிரி சிறிதாக இருக்கும்போது நியம விலகலே நிச்சயமற்றது, அந்த நிச்சயமின்மைக்கு ஈடாக எல்லை பெரிதாகிறது என்று விளக்கினேன். கின்னஸ் மதுவடிசாலையில் பணியாற்றிய கொசெற், சிறிய மாதிரிகளுடன் மல்லாடித்தான் 1908 இல் 'ஸ்ரியூடன்ற்' என்ற புனைபெயரில் அந்தக் கணிப்பை வெளியிட்டார்.

இதன்பின் வகுப்பு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. "அப்படியென்றால் இரண்டு வகைக் கிணறுகளுக்கும் வேறுபாடு இல்லை என்று எழுதிவிடலாம்" என்றனர் சிலர். அதுவும் மிகைக் கூற்றுத்தான். முதலாவதைவிட இதைத் தடுப்பதற்கே நான் அதிகம் போராட வேண்டியிருந்தது. வித்தியாசத்துக்கான 95 சதவீத நம்பிக்கை ஆயிடை −19 முதல் 139 வரை நீள்கிறது. சுழியம் அதற்குள் இருக்கிறது, உண்மைதான். ஆனால் 100ம் அதற்குள்தான் இருக்கிறது. நான்கு கிணறுகளால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை என்பது மட்டுமே எங்கள் தரவு சொல்வது.

மாதிரியைப் பெருப்பிக்க முயலாமல் இல்லை. பொதுக் கிணறுகள் சிலவற்றில் நீர் எடுக்க அனுமதி கேட்டு, வெயிலில் பஸ் மாறி ஓர் அலுவலகத்துக்குப் போனோம். கடிதத்தில் கையொப்பம் இருந்தது, இறப்பர் முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். முத்திரையோடு மீண்டும் போக அந்தக் கிழமையில் நேரம் இருக்கவில்லை. மாதிரி எடுக்கத் திட்டமிடுபவர்கள் கடிதத்தை முதலில் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மாதிரிப் பருமனைத் தீர்மானிப்பது புள்ளிவிபரவியலாக இராது, ஒரு முத்திரையாகத்தான் இருக்கும்.

தோட்டங்களில் இடும் உரம்தான் வேறுபாட்டுக்குக் காரணமா என்றும் ஒரு கேள்வி எழுந்தது. நாங்கள் தெரிவு செய்த கிணறுகள் நண்பர்களின் வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் அருகில் இருந்தவை, எழுமாறாகத் தெரிந்தவையல்ல. அவற்றின் ஆழமும் கடலிலிருந்தான தூரமும் வேறுபட்டன. எனவே வேறுபாடு உறுதியாகத் தெரிந்திருந்தாலும், அதற்கு உரமே காரணம் என்று இந்தத் தரவிலிருந்து சொல்ல இயலாது. இதை ஒரு வரியில் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

இறுதியில் பழைய தலைப்பை நீக்கி, தூண்களையும் நீக்கி, எட்டுக் கிணறுகளையும் எட்டுப் புள்ளிகளாகவே வரைந்து, மேலே 95 சதவீத ஆயிடையைப் போட்டோம். நான்கு எண்கள்தான் இருக்கும்போது அவற்றை ஒரு தூணுக்குப் பின்னால் மறைக்கத் தேவையே இல்லை. கீழே எழுதிய வாக்கியம் இது: "இம்மாதிரியில் தோட்டக் கிணறுகளின் இடை வன்மை 60 அலகு அதிகமாக இருந்தது (ஒவ்வொரு வகையிலும் 4 கிணறுகள், ஒவ்வொன்றுக்கும் 3 நியமிப்புகளின் இடை, வித்தியாசத்தின் 95 சதவீத ஆயிடை −19 முதல் 139 வரை). வேறுபாடு உண்டென்றோ இல்லையென்றோ கூற இத்தரவு போதாது." புள்ளியிட வந்த விரிவுரையாளர் அந்த வாக்கியத்தை இன்னொரு குழுவுக்கு வாசித்துக் காட்டினார்.

அடுத்த சுற்றுக்கான கணக்கையும் போட்டு வைத்திருக்கிறோம். சிதறல் இதே அளவில் இருந்து, 60 அலகு வித்தியாசம் உண்மையிலேயே இருந்தால், அதை ஐந்தில் நான்கு தடவை கண்டுபிடிக்க ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 10 அல்லது 11 கிணறுகள் வேண்டும். மாரி மழை நீர்மட்டத்தை மாற்றிவிடும் என்பதால் அத்தனையையும் ஒரே கிழமைக்குள் எடுக்க வேண்டும்; ஒரு போத்தலுக்கு இரண்டு நியமிப்புகள் போதும், மிஞ்சும் ஈடிடிஏயைப் புதிய கிணறுகளுக்குச் செலவிடலாம். கடிதத்துக்கு முத்திரை குத்தியாகிவிட்டது.