"காட்டினீங்க சரி, அப்புறம் என்ன மாறிச்சு?": மெம்பர் செக்கிங்கும் ஆடிட் டிரெயிலும்

கல்வியியலில் பண்புசார் ஆய்வு செய்பவர்களின் தீசிஸைத் திறந்தால், ஆய்வுமுறை இயலின் கடைசியில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "டிரான்ஸ்கிரிப்டுகள் பங்கேற்பாளர்களிடம் காட்டப்பட்டு மெம்பர் செக்கிங் செய்யப்பட்டது." வைவாவுக்கு வரும் தேர்வாளர் அந்த வரியில்தான் விரலை வைப்பார். என்னிடம் கேட்டது இதுதான்: "காட்டினீங்க சரி, அப்புறம் என்ன மாறிச்சு?"

லிங்கனும் கூபாவும் 1985-இல் பண்புசார் ஆய்வின் நம்பகத்துக்கு நான்கு அளவுகோல்களை வைத்தார்கள். அவற்றை எட்டும் வழிகளில் மெம்பர் செக்கிங், கண்டறிந்தது உண்மைக்கு நெருக்கமானதா என்று பங்கேற்பாளரிடமே கேட்டுப் பார்ப்பதற்கான வழி. ஆடிட் டிரெயில், அந்த முடிவுக்கு வந்த பாதையை இன்னொருவர் சரிபார்ப்பதற்கான வழி. பாடத்தில் இரண்டையும் தனித்தனியாகப் படிக்கிறோம். களத்தில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. பங்கேற்பாளர் சொன்னதால் எது மாறியது என்பதைக் காட்ட ஆடிட் டிரெயிலை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

என் ஆய்வு, 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் வகுப்பறையில் எப்படி நடத்துகிறார்கள் என்பது பற்றியது. 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் இந்தத் திட்டம் தொடங்கியது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களின் அரசுப் பள்ளிகளில் பேட்டி எடுத்தேன், வகுப்பிலும் உட்கார்ந்து பார்த்தேன். ஊர்ப்பெயர்களை இங்கே சொல்லாததற்குக் காரணம் பின்னால் வரும்.

முதலில் எல்லோரும் செய்வதுபோல முழு டிரான்ஸ்கிரிப்டை அச்செடுத்துக் கொடுத்தேன். உட்கார வைத்து, குடிக்கக் காப்பி கொடுத்து, நாலு பக்கம் புரட்டிவிட்டு, "நல்லா இருக்கும்மா, எங்க கையெழுத்துப் போடணும்?" என்பார்கள். வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் 'இது தப்பு' என்று சொல்லத் தயங்கும் மரியாதை அது. அதை ஒப்புதல் என்று கணக்கில் எடுக்க முடியாது. பொறுமையாகப் படித்த சிலரும் திருத்தியது வேறொன்றை. "நான் இப்படியா பேசினேன்?" என்று கூச்சப்பட்டு, பேச்சுத் தமிழை எல்லாம் எழுத்துத் தமிழாக்கித் தந்தார்கள். அழகான வாக்கியம் கிடைத்தது, ஆசிரியரின் குரல் போய்விட்டது. டிரான்ஸ்கிரிப்டைக் காட்டுவதால் காதில் சரியாக விழாத சொல்லையும் பெயரையும் திருத்தலாம். அதிலிருந்து நாம் என்ன புரிந்துகொண்டோம் என்பது அவர்கள் கண்ணில் படவே படாது.

அதனால் முதல் சுற்றுக் கோடிங் முடிந்ததும், தீம்களை இறுதி செய்வதற்கு முன்னால், ஒன்றரைப் பக்கச் சுருக்கம் ஒன்று தயாரித்தேன். ஒவ்வொரு தீமையும் எளிய தமிழில் இரண்டு மூன்று வரி, அதன் கீழே அந்த ஆசிரியர் சொன்ன ஒரு வாசகம், பிறகு கொஞ்சம் காலி இடம். "சரியா?" என்று கேட்டால் "சரி" என்றுதான் பதில் வரும். அதனால் கேள்வியை மாற்றினேன்: "இதில் உங்கள் வகுப்புக்குப் பொருந்தாதது எது? நான் எதை விட்டுவிட்டேன்?" குறை சொல்வதைத்தான் நான் எதிர்பார்க்கிறேன் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும். பதிலை எழுதித் தரச் சொல்லாமல் நேரில் உட்கார்ந்து பேச வைத்ததும் உதவியது.

ஒரு தீமின் கதையைச் சொல்கிறேன். ஆசிரியை ஒருவர் பேட்டியில், "நான் எல்லாத்தையும் ஒண்ணாத்தான் உக்கார வைப்பேன்மா, பிரிக்கிறதில்ல" என்றார். இதே சாயலில் வேறு சிலரும் பேசியிருந்தார்கள். 'வேலைப்பளுவால் நிலைப் பிரிவைக் கைவிடுதல்' என்று தற்காலிகமாகத் தலைப்பு வைத்துச் சுருக்கத்தில் சேர்த்தேன். படித்ததும் அவர் தலையை ஆட்டினார். "கைவிடலம்மா. உக்காரதுதான் ஒண்ணா. அரும்புன்னு தனியா உக்கார வச்சா, வீட்டுக்குப் போனதும் அண்ணன்காரன் கேலி பண்றான். அதனால வேலைய மட்டும் கையில மாத்திக் குடுத்துருவேன்."

அவர் சொல்லிவிட்டார் என்பதற்காகத் தீமை உடனே மாற்றிவிடக் கூடாது. மெம்பர் செக்கிங்கில் கிடைப்பதும் புதிய தரவுதான். அதையும் மற்ற தரவோடு வைத்துப் பார்க்க வேண்டும். வகுப்பறைக் குறிப்புகளைத் திரும்ப எடுத்தேன். ஒரே வட்டத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, பக்கத்துப் பக்கத்துப் பிள்ளைக்கு வேறு வேறு அட்டைகள் கொடுத்ததை எழுதி வைத்திருந்தேன். அதே கோடில் இருந்த மற்றவர்களையும் மறுபடி படித்தபோது, ஒருவர் மட்டும் உண்மையாகவே எல்லோருக்கும் ஒரே வேலை கொடுத்திருந்தார். கூட இருந்த ஆசிரியர் பயிற்சிக்குப் போனதால் எல்லா வகுப்பையும் தனியாளாகப் பார்த்த நாட்கள் அவை. ஆக, அந்த ஒரு தீம் இரண்டாகப் பிரிந்தது: 'பிரிவை வெளியில் காட்டாமல் நடத்துதல்', 'ஆள் குறைவால் பிரிவு நின்றுபோதல்'. திட்டம் பற்றிய என் முடிவுரையின் திசையே இதனால் மாறியது.

இந்த மாற்றம் என் எக்செல் பதிவேட்டில் ஒரு வரியாக இருக்கிறது. பத்திகள் ஐந்தே: தேதி, எடுத்த முடிவு, காரணம், ஆதாரம் இருக்கும் இடம், இதனால் மாறிய கோப்பு. 'ஆதாரம்' என்ற பத்தியில், அந்த ஆசிரியைக்குப் பெயருக்குப் பதில் நான் வைத்த குறியீடான T04-இன் பேட்டி வரி எண், சுருக்கத்தைப் பற்றிப் பேசிய ஒலிப்பதிவின் நிமிடம், வகுப்பறைக் குறிப்பின் பக்கம். 'மாறிய கோப்பு' என்ற பத்தியில் `codebook_v2.xlsx` என்பது `codebook_v3.xlsx` ஆனது. பழைய கோட்புக்கின் மேலேயே திருத்திச் சேமிக்காதீர்கள். வரிசை எண் போட்டுப் புதிதாகச் சேமியுங்கள். முதல் தலைப்பு என்னவாக இருந்தது என்று தெரியாவிட்டால், மாறியது என்பதை நிரூபிக்க முடியாது. பதிவை அன்றன்றைக்கே எழுதுங்கள். தீசிஸ் எழுதும்போது நினைவிலிருந்து உட்கார்ந்து நிரப்பிய பதிவேடு பார்த்ததுமே தெரியும்: எல்லா முடிவும் நேர்கோட்டில் போயிருக்கும், கைவிட்ட கோட் ஒன்றுகூட இருக்காது.

எல்லாரும் ஒத்துப்போக மாட்டார்கள். ஒரு தலைமையாசிரியர், அதிகாரிகள் பார்வைக்கு வரும் நாள் பற்றித் தான் சொன்ன வாசகத்தை எடுத்துவிடச் சொன்னார். பேச்சு அவருடையது, திரும்பப் பெறும் உரிமையும் அவருக்கு உண்டு, எடுத்துவிட்டேன். பதிவேட்டில் வாசகத்தை எழுதாமல், 'T09 ஒரு கூற்றைத் திரும்பப் பெற்றார்' என்று மட்டும் குறித்தேன். அந்தக் கூற்று இல்லாமலும் தீம் நிற்குமா என்று பார்த்தேன், மற்றவர்கள் பேச்சிலேயே நின்றது. நம் விளக்கத்தை மட்டும் அவர் மறுக்கிறார் என்றால் அது வேறு விஷயம். அப்போது விளக்கத்தை நீக்க வேண்டியதில்லை. உங்கள் வாசிப்பையும் அவர் மறுப்பையும் சேர்த்தே எழுதலாம்.

ஊர்ப்பெயர் விஷயத்துக்கு வருகிறேன். செட்டிநாட்டுச் சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றில் இரண்டே ஆசிரியர்கள். எல்லோருடைய வாசகங்களையும் ஒரே சுருக்கத்தில் போட்டுச் சுற்றுக்கு விட்டால், T04 யார் என்று அடுத்த ஊர் ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும். அதனால் ஒவ்வொருவருக்கும் அவரவர் வாசகம் மட்டும் உள்ள தனிப் பிரதி தயாரித்தேன். குறியீடும் பெயரும் சேர்ந்த பட்டியலை மற்ற கோப்புகளோடு வைக்காமல் தனியாகப் பூட்டி வைத்தேன்.

பின்னிணைப்பில் முழுப் பதிவேட்டையும் போட வேண்டியதில்லை. ஒரு தீம் தொடங்கியதிலிருந்து முடிந்தது வரைக்கும் ஒரு பக்கம், சுருக்கத்தின் வெற்று மாதிரி ஒன்று, கோட்புக்கின் முதல், கடைசிப் பதிப்புகள், இவை போதும். மீதியை மடிக்கணினியில் வைத்துக்கொண்டு வைவாவுக்குப் போங்கள். போவதற்கு முன் ஒரு நண்பரைக் கூப்பிட்டு, முடிவுகள் இயலில் ஏதாவது ஒரு வாசகத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதிலிருந்து கோட், டிரான்ஸ்கிரிப்ட் வரி, ஒலிப்பதிவு என்று உங்கள் உதவி இல்லாமல் அவரே பின்னால் போய்ப் பார்க்கட்டும். எங்கே தடுக்கி நிற்கிறாரோ, அந்த இடத்தில் பதிவு விடுபட்டிருக்கிறது.