ஒரு படம், ஒரு வரி: அக்கா மகனுக்கு ஒரு அட்டைப் புத்தகம்

அக்கா மகனுக்கு இரண்டு வயது ஆகப் போகிறது. அவனுக்காக ஒரு அட்டைப் புத்தகம் செய்துகொண்டிருக்கிறேன். புத்தகத்தை எங்கே திறந்தாலும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு படம், அதற்கு ஒரே ஒரு வரி. சில வரிகள் பகிர்ந்துகொள்வதைப் பற்றி, சில வரிகள் மறுபடி முயன்று பார்ப்பதைப் பற்றி. உள்பக்கங்கள் முடிந்துவிட்டன, மேலட்டை பாக்கி. இதுவரை பிடிபட்டதை எழுதி வைக்கிறேன்.

வரிகளுக்கு முதலில் ஆத்திசூடியைத்தான் எடுத்தேன். "இயல்வது கரவேல்", "ஐயம் இட்டு உண்", "ஊக்கமது கைவிடேல்" எல்லாமே சின்ன வரிகள், பொருளும் பொருத்தம். ஆனால் படம் போட உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இந்த வரிகளில் குழந்தை விரல் வைத்து "இது என்ன?" என்று கேட்க ஒரு பொருளும் இல்லை. திருக்குறளில் "காக்கை கரவா கரைந்துண்ணும்" என்று வருகிறதே, அதில் காக்கை இருக்கிறது. 527வது குறளின் முதல் மூன்று சொற்கள் மட்டும் போதும். அர்த்தம் அவனுக்கு எட்டாது, பரவாயில்லை. வரி முழுக்கக் ககரமாக விழுவதால் வாசிக்கும்போதே காக்கா கத்துகிற மாதிரி இருக்கும். மிச்சத்தைப் படம் சொல்லிவிடும்.

அந்தப் படத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மதில் மேல் சோறு, பக்கத்தில் ஒரு காக்கா, தூரத்தில் பறந்து வரும் மற்ற காக்காக்கள். முதல் காக்காவின் அலகு திறந்திருக்க வேண்டும், அதில் ஒரு பருக்கை கூட இருக்கக் கூடாது. அலகில் சோற்றை வரைந்துவிட்டால் "இது முதலில் சாப்பிட்டுவிட்டது, மற்றவை பிடுங்க வருகின்றன" என்று கதை தலைகீழாகிவிடும்.

பகிர்வதிலும் இரண்டு வகை இருக்கிறது. முறுக்கை உடைக்கலாம், வாழைப்பழத்தைப் பிட்டுத் தரலாம். ஊஞ்சலையும் மூன்று சக்கர சைக்கிளையும் பிட முடியாது. இந்த வயதில் சண்டை வருவது பெரும்பாலும் இரண்டாவது வகைக்குத்தான். "கொடு" என்றால் அந்தப் பொருள் ஒரேயடியாகப் போய்விட்டது என்று பிள்ளை நினைக்கிறது. அதனால் ஊஞ்சல் படத்துக்குப் பழமொழி எதுவும் தேடாமல் "ஒரு தரம் நீ, ஒரு தரம் நான்" என்று நானே எழுதிக்கொண்டேன். படத்தில் ஒரு பிள்ளை ஊஞ்சலில் ஆடுகிறது, இன்னொன்று ஊஞ்சல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நிற்கிற பிள்ளையின் கை கயிற்றில் இருக்க வேண்டும். அப்போதுதான் அது காத்திருப்பதாகத் தெரியும், இல்லையென்றால் யாரோ விலக்கி வைத்த பிள்ளை போலத் தெரியும்.

கஷ்டமானது முயற்சிப் படங்கள்தான். முயற்சி என்றால் நேரம் நகர வேண்டும், ஒரே படத்தில் நேரம் நகராது. "எறும்பு ஊரக் கல்லும் தேயும்" வரியை வரைந்து, ஜெராக்ஸ் தாளில் அவனுக்குக் காட்டினேன். "எம்பு, எம்பு" என்று எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டான். கல்லைப் பார்க்கவே இல்லை. கல் தேய்ந்திருப்பதைப் புரிந்துகொள்ள, அது முன்னால் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமே. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பதில் வந்தது "அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்". "அடித்தால்" என்றும் சொல்வார்கள், இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம். ஒரு சிறுமி அம்மியைத் தள்ளுகிறாள் என்று மட்டும் வரைந்தபோது அவள் அதன் மேல் சாய்ந்து தூங்குகிற மாதிரி இருந்தது. அம்மி நகர்ந்ததற்கு அடையாளம் வேண்டும். சிவப்புத் தரையில் அம்மி இருந்த இடத்தை வெளிறிய கட்டமாக விட்டு, அங்கிருந்து இப்போது இருக்கும் இடம் வரை ஒரு இழுவைத் தடம் போட்டேன். அதன் மேல் குட்டிக் குட்டிப் பாதச் சுவடுகள். அவ்வளவுதான், படத்துக்குள் நேரம் வந்துவிட்டது. அடுக்குக் கட்டைப் படத்துக்கும் இதே வழிதான்: தரையில் சரிந்து கிடக்கும் கட்டைகள், நடுவில் இரண்டு கட்டை அடுக்கி மூன்றாவதைப் பிடித்திருக்கும் கை, "விழுந்தால் என்ன, மறுபடி அடுக்கு".

வரியின் நீளத்தை முடிவு செய்தது அவன்தான். "நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள இவன் நாலு பக்கம் தாண்டிருவான்டா" என்று அக்கா ஆரம்பத்திலேயே சொன்னாள். ஒரு மூச்சில் முடியாத வரி இந்தப் புத்தகத்துக்கு ஆகாது. அம்மி வரிதான் இருப்பதிலேயே நீளம், அது தாங்குவதற்குக் காரணம் அதிலுள்ள மோனை. அச்சில் அதை "வைத்தால்" என்பதோடு மடக்கி இரண்டு அடியாகப் போட்டிருக்கிறேன். எல்லா வரியும் பக்கத்தின் மேல்பாதியில்தான் இருக்கிறது, ஏனென்றால் கீழ்ப்பாதியைப் பிள்ளையின் கை மறைத்துவிடும். எழுத்துரு `Baloo Thambi 2`, அளவு 30. மெல்லிய எழுத்துருக்களில் மெய்யெழுத்தின் புள்ளி மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு எட்டிப் படிப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. இதில் புள்ளி தடிமனாக இருக்கிறது.

இனி கைவேலை. ஏ4 அளவில் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டில், ஒரு பக்கம் மட்டும் லேசர் பிரிண்ட். இங்க்ஜெட் வேண்டாம், எச்சில் பட்டால் மை கரையும். 28க்கு 14 செ.மீ. அளவில் வெட்டி, நடுவில் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போட்டு, படம் உள்ளே இருக்கும்படி மடிக்க வேண்டும். படம் உள்பக்கம் மடிவதால் அச்சு வெடிப்பது குறைவு. ஆனாலும் நடு மடிப்பில் முகம் எதையும் வைக்காமல் இருப்பது நல்லது.

அப்புறம் முதல் தாளின் வலது பாதி முதுகையும் அடுத்த தாளின் இடது பாதி முதுகையும் ஒட்ட வேண்டும். அப்படியே ஒட்டினால் பக்கம் மெலிதாகத்தான் இருக்கும், சின்னக் கை இரண்டு மூன்றை ஒன்றாகப் புரட்டும். அதனால் நடுவில் 1 மி.மீ. சாம்பல் நிற பைண்டிங் அட்டை வைத்தேன். அந்த அட்டையை மடிப்புப் பக்கம் மட்டும் 2 மி.மீ. குறைத்து வெட்ட வேண்டும். முழு அளவில் வைத்தால் முதுகு முட்டிக்கொண்டு புத்தகம் மூடாது, வாயைப் பிளந்தே நிற்கும்.

பசை தண்ணீர் கலக்காத ஃபெவிகால். பழைய ஏடிஎம் கார்டால் மெல்லிசாக இழுத்துத் தடவி, ராத்திரி முழுக்கக் கனமான புத்தகங்களின் கீழே வைத்தேன். அட்டையின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒட்ட வேண்டும் என்பது முக்கியம். ஒரு பக்கம் ஒட்டிக் காய்ந்த பிறகு மறுபக்கம் என்றால் ஈரம் ஒருபுறமாக இழுத்துப் பக்கம் வளைகிறது. மேஜையில் வைத்து ஒரு மூலையை அழுத்தினால் எதிர்மூலை எழும்புகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். எழும்பினால் சரிசெய்ய முடியாது, அந்தப் பக்கத்தை மறுபடி பிரிண்ட் எடுக்க வேண்டியதுதான். வெளி மூலைகளைக் கடைசியில்தான் வெட்டி உருட்டினேன், ஒட்டுவதற்கு முன் உருட்டினால் மூன்று அடுக்கும் ஒன்றோடொன்று பொருந்தாது.

ஓரங்கள் இன்னும் திறந்தபடிதான் இருக்கின்றன. கடித்தால் அட்டை ஊறும், லேமினேஷன் போட்டாலும் ஓரம் வழியாக எச்சில் போகும். மேலட்டைக்கு முதுகு அகலத்தைக் கணக்குப் போடாமல், ஒட்டி அழுத்திக் காய்ந்த உள்பக்கங்களின் மொத்தத் தடிமனை ஸ்கேலில் வைத்து அளந்தேன், 9 மி.மீ. வந்தது. இந்த வாரம் மேலட்டையை வெட்டி ஒட்ட வேண்டும். காக்கா பக்கத்துக்கு இன்னொரு பிரிண்டும் எடுத்து வைத்துக்கொள்ளப் போகிறேன், அவன் முதலில் கடிக்கப் போவது அதைத்தான்.