600 சதவீதம் நீளும் என்றால் போதுமா? திரவ மெம்பரேன் டேட்டா ஷீட்டை ஒப்பிட்ட விதம்

மொட்டை மாடியில் நீர் கசியாமல் இருக்கப் பூசும் திரவ பாலியூரிதேன் மெம்பரேன். ஸ்பெக்கில் கேட்டிருந்தது: காய்ந்த பின் கனம் குறைந்தது 1.5 மி.மீ., நீட்சி 400 சதவீதம், விரிசல் தாங்கும் சோதனையில் தேர்ச்சி, வெயிலில் திறந்தே கிடக்கும் பரப்பு. வந்த டேட்டா ஷீட்டில் நீட்சி 600 சதவீதம். பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் அடித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். கோளாறு இருந்தது அடியில், "பயன்பாட்டு அளவு" என்ற வரியில்: இரண்டு கோட்டுக்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ.

அதைக் கனமாக மாற்றிப் பார்க்க வேண்டும். அடர்த்தி லிட்டருக்கு 1.4 கிலோ. ஆக 1.5 கிலோ என்பது 1.07 லிட்டர், சதுர மீட்டரில் பரப்பினால் ஈரத்தில் 1.07 மி.மீ. திடப்பொருள் 85 சதவீதம் என்றிருந்தது, ஆனால் அது எடைக்கணக்கு. கனத்துக்குக் கொள்ளளவுக்கணக்குதான் வேண்டும். ஒரு லிட்டரில் ஆவியாகும் கரைப்பான் 0.21 கிலோ, அதன் அடர்த்தி 0.87 என்று கொண்டால் 0.24 லிட்டர். மிஞ்சுவது 76 சதவீதம். காய்ந்த கனம் 0.8 மி.மீ.தான், கேட்டதில் பாதியை ஒட்டி. 1.5 மி.மீ. வர ஏறக்குறைய 2.8 கிலோ வேண்டும், அதுவும் சொரசொரப்பான தளம் குடிப்பதைச் சேர்க்காமல்.

600 சதவீதம் இங்கே உதவாது. அது தனியே உரித்தெடுத்த படலத்தை இழுத்துப் பார்த்த எண். காங்கிரீட்டில் ஒட்டிய படலத்துக்கு அடியில் விரிசல் திறக்கும்போது முழுப் படலமும் நீளாது. விரிசலுக்கு நேர் மேலே உள்ள சிறு பட்டைதான் மொத்த இழுப்பையும் தாங்கும். படலம் மெலிந்தால் அங்கேதான் முதலில் கிழியும். ஆகவே விரிசல் சோதனை அறிக்கையை வாங்கி, சோதித்த மாதிரியின் கனம் என்ன என்று பாருங்கள். 1.5 மி.மீ.யில் கிடைத்த தேர்ச்சி 0.8 மி.மீ.க்குப் பொருந்தாது.

அடுத்து தர நிர்ணயம். ஷீட்டில் ஏஎஸ்டிஎம் சி836 என்று பெரிதாகப் போட்டிருந்தது. அந்தத் தரம், மேலே தனியாக ஒரு தேய்மான அடுக்கு போடப்படும் மெம்பரேனுக்கானது. ஓடோ ஸ்கிரீடோ இல்லாமல் வெயிலில் கிடக்கும் மாடிக்கு அது சான்று ஆகாது. புற ஊதாக் கதிர் சோதனைக்குப் பிறகு எடுத்த நீட்சி எண்ணைத் தனியாகக் கேட்க வேண்டும். வெயில் படாத புது மாதிரியின் எண்ணை வைத்து அதை ஊகிக்க முடியாது.

திருப்பி அனுப்பும்போது "இணங்கவில்லை" என்று மட்டும் எழுதினால், தயாரிப்பாளர் கிலோவை மட்டும் ஏற்றிக்கொண்டு வருவார். இரண்டே கோட்டில் 2.8 கிலோவை அடைத்தால் ஒரு கோட்டுக்கு ஈரத்தில் 1 மி.மீ. ஆகும். ஈரப்பதத்தால் இறுகும் வகையில் உள்ளே உண்டாகும் வாயு வெளியேற முடியாமல் குமிழி தட்டும். அதனால் கேட்டது மூன்று: கொள்ளளவுத் திடப்பொருள் சதவீதம், ஒரு கோட்டுக்கு அனுமதிக்கும் உச்ச ஈரக் கனம், அதன்படி எத்தனை கோட்.